ரிடென்ஷன் பணம்: பில்லில் பிடித்த ஐந்து சதவீதம் எப்போது கைக்கு வரும்?

ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் மூன்றாவது ஆர்.ஏ. பில்லை மேசையில் விரித்து வைத்துப் பார்ப்போம். ஆர்.ஏ. பில் என்றால் வேலை நடக்க நடக்க, முடிந்த அளவுக்குப் போடும் பில். மொத்த ஒப்பந்தம் 1 கோடி ரூபாய். இந்தப் பில்லில் செய்த வேலையின் மதிப்பு 20 லட்சம். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,60,000. ஆக 23,60,000. இதில் வாடிக்கையாளர் இரண்டு கழிவுகளைச் செய்கிறார். டி.டி.எஸ். 2 சதவீதம், 40,000. பின்னால் குறை வந்தால் சரிசெய்ய வைப்பதற்காகப் பிடித்து வைத்து, பிறகு தரும் ரிடென்ஷன் 5 சதவீதம், 1,00,000. மிச்சம் 22,20,000 வங்கிக்கு வந்துவிடுகிறது.

பார்த்தால் பெரிய இழப்பாகத் தெரியாது. 20 லட்சத்தில் ஒரு லட்சம்தானே? ஆனால் ஒப்பந்தக்காரர் அந்த ஒரு லட்சத்தை 20 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இந்த வேலையில் அவருக்கு நிற்கும் லாபம் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 20 லட்ச ரூபாய் பில்லுக்கு 1,60,000. கம்பி, சிமெண்ட், கூலி, ஷட்டரிங் வாடகை எல்லாம் ஏற்கெனவே போய்விட்ட காசு. ரிடென்ஷன், டி.டி.எஸ். இரண்டும் லாபத்திலிருந்துதான் கழியும். 1,60,000-இல் 1,40,000 போக, கையில் நிற்பது 20,000 ரூபாய். இதே அளவில் ஐந்து பில் போட்டு வேலை முடிந்தால், 8 லட்சம் லாபத்தில் 2 லட்சம் வருமான வரித் துறையிடம், 5 லட்சம் வாடிக்கையாளரிடம், 1 லட்சம் இவரிடம்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு சொல் மாறினால் அந்தக் கடைசி 20,000-இலும் பெரும்பகுதி போய்விடும். "செய்த வேலையின் மதிப்பில் 5 சதவீதம்" என்பதற்குப் பதிலாக "பில் தொகையில் 5 சதவீதம்" என்று இருந்தால், சில அலுவலகங்களில் ஜி.எஸ்.டி. சேர்த்த 23,60,000-இன் மேல் பிடிப்பார்கள். அப்போது பிடித்தம் 1,18,000. கூடுதலாகப் போன 18,000 ரூபாய் வரிப் பணம். அதை ஒப்பந்தக்காரர் அடுத்த மாதமே அரசுக்குக் கட்டியாக வேண்டும். கையில் மிஞ்சுவது 2,000. டெண்டரில் விலையை ரூபாய் கணக்கில் அடித்துப் பேசுகிறவர்கள்கூட இந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டடத்தின் பிழை, கட்டி முடித்த அன்று தெரியாது. பூச்சு காய்ந்த பிறகுதான் வெடிக்கும். மொட்டை மாடித் தளம் ஒரு மழையைப் பார்த்த பிறகுதான் கசியும். அதற்குள் ஒப்பந்தக்காரர் ஆட்களை அடுத்த சைட்டுக்கு அனுப்பியிருப்பார்; கூப்பிட்டால் வர மாட்டார். வர வைப்பதற்கான பிடிதான் இந்தப் பணம். தமிழ்நாட்டில் தனியார் ஒப்பந்தங்களில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது சைட்டில் டி.எல்.பி. என்று சொல்வது, பெரும்பாலும் 12 மாதம். சென்னைப் பக்கம் வேலை எந்த மாதம் முடிந்தாலும் இந்த 12 மாதத்துக்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும் என்பதை யோசித்தால், அந்தக் கால அளவில் பொருள் இருக்கிறது.

அடுக்குமாடி கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு வேறொரு நெருக்கடி. 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 14(3) பிரிவில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குக் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. புகார் வந்தால் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். தன் தலையில் 5 ஆண்டு இருக்கும்போது ஒப்பந்தக்காரரை ஒரே ஆண்டில் விட்டுவிட எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. அதனால்தான் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் டி.எல்.பி. இரண்டு, மூன்று ஆண்டு என்று நீள்கிறது.

வராத பணத்துக்கு வரி

கையில் வராத 5 லட்சத்துக்கு வருமான வரி உண்டா? இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் ஒப்பந்தக்காரருக்குச் சாதகமான பதில் இருந்தது. இக்னிஃபுளூயிட் பாய்லர்ஸ் வழக்கில் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒப்பந்தப்படி செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, பணத்தைக் கேட்கும் உரிமை பிறந்த பிறகுதான் அது வருமானம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றமும் அதற்கு முன்பே இப்படித்தான் சொல்லியிருந்தது.

பிறகு மத்திய அரசு வருமானக் கணக்கீட்டுக்கென்று தனித் தரநிலைகளைக் கொண்டுவந்தது. அதில் கட்டுமான ஒப்பந்தங்களுக்கான மூன்றாவது தரநிலை, ரிடென்ஷனும் ஒப்பந்த வருவாயில் சேரும் என்றது. 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பகுதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தக்காரர்கள் மூச்சு விடுவதற்குள், 2018 நிதிச் சட்டம் 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43சிபி என்ற பிரிவைச் செருகியது. ஒப்பந்த வருவாயில் ரிடென்ஷன் பணமும் அடங்கும் என்று அதில் நேரடியாகவே எழுதிவிட்டார்கள். அதுவும் 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பின்தேதியிட்டு.

நம் உதாரணத்தில் இதன் விளைவைப் பார்க்கலாம். ஒப்பந்தக்காரர் ஒரு பங்குதாரர் நிறுவனம். பங்குதாரர் சம்பளமெல்லாம் கழித்த பிறகு வந்ததுதான் அந்த 8 லட்சம் என்போம். செஸ் சேர்த்து 31.2 சதவீதம், 2,49,600 ரூபாய் வரி. டி.டி.எஸ்.ஸில் 2 லட்சம் ஏற்கெனவே போயிருக்கிறது. மீதி 49,600-ஐக் கையில் நின்ற அந்த ஒரு லட்சத்திலிருந்து கட்ட வேண்டும். ஆக ஒரு கோடி ரூபாய்க்கு வேலை செய்து முடித்தவரிடம் ரொக்கமாக இருப்பது சுமார் 50,000. மீதி லாபம் முழுக்க, வரி கட்டி முடித்த நிலையில், வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் தூங்குகிறது. பழைய வழக்குகளை நம்பி "அது இன்னும் எனக்கு வரவில்லை, கணக்கில் காட்ட வேண்டாம்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆடிட்டர் சங்கடப்படுவது இந்த இடத்தில்தான்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

ரிடென்ஷன் சிக்குவதற்குப் பெரிய காரணம் கட்டடத்தின் குறைதான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், தேதியே இல்லாமல் போவதுதான் முதல் காரணம். வழக்கமான ஒப்பந்தம் இப்படிச் சொல்லும்: பாதிப் பணம் வேலை நிறைவுச் சான்றிதழ் வந்ததும், மறுபாதி சான்றிதழிலிருந்து 12 மாதம் கழித்து. சான்றிதழ் வராவிட்டால் முதல் பாதியும் நகராது, இரண்டாவது பாதிக்கான கடிகாரமும் ஓடாது.

நம் கட்டடத்தில் வேலை 2025 பிப்ரவரி 20 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 1 அன்று வாடிக்கையாளர் பால் காய்ச்சிக் குடியேறிவிடுகிறார். ஆர்க்கிடெக்ட் தர வேண்டிய வர்ச்சுவல் கம்ப்ளீஷன் சான்றிதழ் மட்டும் வரவில்லை. கைப்பிடிச் சுவரில் ஒரு கோட் பெயிண்ட் பாக்கி, இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்ற வேண்டும் என்று ஸ்னாக் லிஸ்ட் நீள்கிறது. அது முடிந்ததும் இறுதி அளவெடுப்பு. அதில் எக்ஸ்ட்ரா அயிட்டங்களுக்கு ரேட் ஒத்துவரவில்லை. வாடிக்கையாளர் கொடுத்த கம்பியில் எத்தனை டன் உபயோகமானது, எத்தனை துண்டாகக் கழிந்தது என்ற கணக்கு வேறு. கடைசியில் சான்றிதழ் ஜூன் 30 தேதியிட்டு வருகிறது. குடியேறிய நாளிலிருந்து கணக்கிட்டால் 2026 மார்ச் 1 அன்று முடிய வேண்டிய பொறுப்புக் காலம் ஜூன் 30 வரை நீள்கிறது. நான்கு மாதம் கூடுதலாக ஒப்பந்தக்காரர் இலவசப் பராமரிப்பு செய்கிறார். இதற்கும் கட்டடத்தின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

சர்வதேசத் திட்டங்களில் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தப் படிவம் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. அதன் 1999 பதிப்பில், ஒப்பந்தக்காரர் விண்ணப்பித்து 28 நாளுக்குள் பொறியாளர் சான்றிதழைத் தரவோ காரணம் சொல்லி மறுக்கவோ வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால், வேலை பெருமளவு முடிந்திருக்கும் பட்சத்தில், கடைசி நாளன்று சான்றிதழ் தந்ததாகவே கொள்ளப்படும். சான்றிதழுக்கு முன்பே கட்டடத்தின் ஒரு பகுதியை உரிமையாளர் பயன்படுத்தத் தொடங்கினால், அந்தப் பகுதி அன்றே கைமாறியதாக ஆகிவிடும். நம் ஊர்த் தனியார் ஒப்பந்தங்களில் இந்த இரண்டு வரிகளையும் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் போடும்போது கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். வேலை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

கசிவு யாருடையது

இனி உண்மையான குறைக்கு வருவோம். தரைத்தள ஹாலின் சீலிங்கில் ஒரு ஈரக்கறை. மேலே முதல் மாடி பாத்ரூம். வாடிக்கையாளர் போட்டோ அனுப்பி, மீதி 2.5 லட்சத்தை நிறுத்திவிட்டார்.

கறையைப் பார்த்த உடனே பொறுப்பை ஒப்புக்கொள்வதும் தப்பு, மறுப்பதும் தப்பு. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பாத்ரூமை ஒரு நாள் பூட்டி, யாரும் தண்ணீர் புழங்காமல், சப்ளை லைனை மட்டும் மூடாமல் விடுங்கள். கறை அப்படியும் ஈரமாகவே இருந்தால் சந்தேகம் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் சப்ளை பைப்பின் மேல். குழாய்களை மூடி பம்பால் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்த்தால் உறுதியாகும். கறை காய்ந்துவிட்டால், அடுத்து ஃபுளோர் டிராப்பை அடைத்து, தரையில் இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி 24 முதல் 48 மணி நேரம் விட வேண்டும். அப்போது கீழே ஈரம் பரவினால் டைலுக்குக் கீழே உள்ள வாட்டர்புரூஃபிங் போய்விட்டது. தண்ணீர் கட்டியும் வராமல், ஃபிளஷ் செய்யும்போதும் தண்ணீர் வடியும்போதும் மட்டும் சொட்டினால் கழிவு லைனில் ஜாயிண்ட் தளர்ந்திருக்கிறது. அந்த ஜாயிண்டைத் திறந்து பார்த்தபோது, வாடிக்கையாளர் குடியேறிய பிறகு தன் ஆளை வைத்து வேறு மாடல் கமோட் மாற்றியிருந்தார் என்று தெரியவந்த கதையும் உண்டு. அது ஒப்பந்தக்காரரின் குறை ஆகாது. இரு தரப்பும் நின்று சோதித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு இல்லாமல் அதைப் பிறகு யாரும் நிரூபிக்க முடியாது.

குறை ஒப்பந்தக்காரருடையதுதான் என்றே ஆகட்டும். டைலைப் பெயர்த்து வாட்டர்புரூஃபிங்கைத் திரும்பச் செய்ய 45,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக 2.5 லட்சத்தையும் நிறுத்தலாமா? ஃபிடிக் படிவத்தில், பாக்கி வேலைக்கு மதிப்பிட்ட செலவை மட்டும்தான் நிறுத்திவைக்க முடியும். நம் ஊர் ஒப்பந்தங்களில் பொதுவாக இருப்பது வேறு: நோட்டீஸ் கொடுத்த நாளுக்குள் வந்து சரிசெய்யாவிட்டால், உரிமையாளர் வேறு ஆளை வைத்துச் செய்து, ஆன செலவைக் கழித்துக்கொள்ளலாம். அதன்படியும் கழிக்கக் கூடியது ஆன செலவைத்தான். ஆனால் கழிப்பது வேறு, அதுவரை நிறுத்திவைப்பது வேறு. எவ்வளவை நிறுத்தலாம் என்று ஒப்பந்தம் சொல்லாத இடத்தில் வாடிக்கையாளர் முழுவதையும் நிறுத்துகிறார். 45,000 ரூபாய் வேலைக்கு 2.5 லட்சம் பிணையாகக் கிடக்கிறது.

அடியில் இருப்பவர்

மேலே சொன்னதெல்லாம் பிரதான ஒப்பந்தக்காரரின் பாடு. அவருக்குக் கீழே பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், பெயிண்டிங் எடுத்தவர்களிடமும் அதே 5 சதவீதம் பிடிக்கப்படுகிறது. நான் பில்லிங் பார்த்த ஒரு நிறுவனத்தில், பூமிக்கடியில் கழிவு லைன் போட்ட ஒரு பிளம்பிங் ஒப்பந்தக்காரர் தீபாவளிக்கு முன்னால் வந்து நிற்பார். "சார், அந்த ஹோல்ட் பணம் என்ன ஆச்சு?" என்பார். "கிளையண்ட்கிட்ட இருந்து இன்னும் வரலை அண்ணே, வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்" என்று சொல்லச் சொல்லி எனக்கு உத்தரவு. அவர் தன் வேலையைக் கட்டடத்தின் மூன்றாவது மாதத்திலேயே முடித்திருந்தார். ஆனால் அவருடைய பொறுப்புக் காலம் முழுக் கட்டடத்தின் சான்றிதழிலிருந்துதான் தொடங்கும் என்று அவருடைய ஒர்க் ஆர்டரில் இருந்தது. மூன்று தீபாவளி வந்தார்.

பிரிட்டனில் இப்படி எழுத முடியாது. மேல் ஒப்பந்தத்தின் சான்றிதழைக் காரணம் காட்டிக் கீழே உள்ளவரின் ரிடென்ஷனைத் தள்ளிப்போடும் நிபந்தனைக்கு 2011-இலிருந்து அங்கே சட்டத் தடை இருக்கிறது. ஆனாலும் பணம் பிரதான ஒப்பந்தக்காரரின் பொதுக் கணக்கில் கலந்தே கிடந்தது. 2018 ஜனவரியில் கரிலியன் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் திவாலானபோது, அதனிடம் ரிடென்ஷன் வைத்திருந்தவர்கள் பிணை இல்லாமல் கடன் கொடுத்தவர்களாக வரிசையில் நின்றார்கள். நியூசிலாந்து அதே பாடத்தை 2013-இல் மெயின்சீல் நிறுவனம் விழுந்தபோது கற்றது. அதன் பிறகு அங்கே ரிடென்ஷன் பணம், கீழே உள்ளவருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்தாக்கப்பட்டது; 2023 அக்டோபர் முதல் அதைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும், அல்லது காப்பீடோ உத்தரவாதமோ இருக்க வேண்டும். நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. மேலே உள்ள நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனால், பிளம்பிங்காரர் வங்கிகளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

அவர் கையில் ஒரு சின்னப் பிடி மட்டும் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16(2) பிரிவின்படி, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராத தொகைக்கு உரிய உள்ளீட்டு வரி வரவை, அதாவது பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை, வாங்கியவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் தந்த பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். பிரதான ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரரின் பில் மேல் இந்த வரவை எடுப்பவர். முழுத் தொகைக்கும் பில் வாங்கி, முழு வரவையும் எடுத்து, 5 சதவீதத்தை ஒன்றரை ஆண்டு பிடித்து வைத்தால், தணிக்கையில் இந்தக் கேள்வி எழ வாய்ப்புண்டு. அவருடைய கணக்காளரிடம் இதை மெதுவாக நினைவுபடுத்தினால் சில நேரம் பணம் நகர்கிறது.

பணத்தை வெளியே எடுப்பது

பெரிய ஒப்பந்தக்காரர்கள் ரொக்கத்துக்குப் பதில் வங்கி உத்தரவாதம் கொடுத்துவிட்டு ரிடென்ஷனை உடனே வாங்கிக்கொள்கிறார்கள். வங்கி 10, 15 சதவீத மார்ஜினில் உத்தரவாதம் தந்தால் இது லாபம். சிறியவரிடம் வங்கி 100 சதவீத மார்ஜின் கேட்டால், வாடிக்கையாளரிடம் கிடந்த பணம் வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாகக் கிடக்கும். டெபாசிட்டுக்கு வட்டி வரும், உத்தரவாதத்துக்குக் கமிஷன் போகும். கைமுதல் அதிகமாகாது.

மற்றவர்களுக்குக் கடிதம்தான் வழி. பொறுப்புக் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே, "இந்தத் தேதியில் காலம் முடிகிறது, கூட்டுப் பார்வைக்கு நாள் குறியுங்கள்" என்று எழுதிவிட வேண்டும். காலம் முடிந்த பிறகு எழுதினால், அப்போதுதான் வாடிக்கையாளர் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துப் புதுப் பட்டியல் போடுவார். முன்கூட்டியே எழுதினால் பட்டியல் வருவது காலத்துக்குள் வரும், முடிப்பதும் காலத்துக்குள் முடியும்.

அப்படியும் இழுத்தால் இன்னொரு கடிகாரம் இருக்கிறது. பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதிச் சட்டம் கதவை மூடிவிடும். போனில் "தர்றேன் தர்றேன்" என்று சொன்னதெல்லாம் கணக்கில் வராது. அதே சட்டத்தின் 18 ஆவது பிரிவு, காலம் முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும் என்கிறது. இதற்கு வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். ஆண்டுதோறும் மார்ச் 31 கணக்குக்காக ஆடிட்டர்கள் நிலுவை உறுதிக் கடிதம் கேட்பார்கள் அல்லவா, அதில் ரிடென்ஷனைத் தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கினாலே போதும். அந்தப் பிளம்பிங்காரரிடம் அப்படி ஒரு தாள் இருந்தது. மூன்றாவது தீபாவளிக்கு அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்; 62,000 ரூபாய், எங்கள் கணக்காளரின் கையெழுத்து, நிறுவன முத்திரை. பொங்கலுக்குள் காசோலை போனது, முழுத் தொகைக்கும் இல்லை, 50,000-க்கு. மீதி 12,000 எந்தக் குறைக்காகக் கழிந்தது என்று வவுச்சரில் எழுதச் சொன்னபோது, எழுத எதுவும் இல்லாமல் "அட்ஜஸ்ட்மெண்ட்" என்று போட்டோம்.